ஆரஞ்சு உறையில் வரும் இருப்பு எப்படிப் பென்ஷனாகிறது? சுவீடனின் ஏட்டுக் கணக்கு பற்றிய கேள்விகள்

சுவீடனில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் ஆண்டின் தொடக்கத்தில் பென்ஷன் ஆணையத்திடமிருந்து ஓர் ஆரஞ்சு நிற உறை வரும். இப்போது பலருக்கு அது டிஜிட்டலாகவே வந்துவிடுகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. அதில் லட்சக்கணக்கில் ஒரு தொகை இருக்கும். அதைப் பார்த்ததும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வெவ்வேறு ஊர் விதிகளைக் கலக்காமல் சுவீடன் முறையை மட்டும் பின்தொடர்ந்து போகிறேன். ஓரிடத்தில் போலந்தை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உறையில் 30 லட்சம் குரோனா என்று போட்டிருக்கு. அந்தப் பணம் எங்கே இருக்கு?

எங்கும் இல்லை. நீங்களும் உங்கள் முதலாளியும் இந்த மாதம் கட்டிய பணம், இந்த மாதமே இன்றைய முதியவர்களுக்குப் பென்ஷனாகப் போய்விட்டது. உங்கள் பெயரில் இருப்பது ஒரு பதிவு மட்டும்தான். ‘இவர் இவ்வளவு கட்டியிருக்கிறார், அதற்கு ஈடான பங்கு நாளை இவருக்கு உண்டு’ என்று அரசு எழுதி வைத்திருக்கிறது.

நம் ஊர் பி.எஃப். பாஸ்புக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பி.எஃப். பணம் கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் முதலீடாக உட்கார்ந்திருக்கிறது, வட்டி அங்கிருந்து வருகிறது. சுவீடனின் ஏட்டுக் கணக்குக்குப் பின்னால் அப்படி ஒரு குவியல் கிடையாது. நெருக்கடி காலத்துக்கென்று சில இருப்பு நிதிகள் உண்டு. ஆனால் எல்லாருடைய கணக்கையும் கூட்டினால் வரும் தொகையோடு பார்க்கும்போது அவை சிறிய பகுதிதான்.

அதனால் அது பொய்ப் பணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1994-ல் நாடாளுமன்றத்தில் ஐந்து கட்சிகள் சேர்ந்து ஒப்புக்கொண்டு, 1998-ல் சட்டமாகி, 1999 முதல் நடக்கும் முறை இது. அந்தப் பதிவு உங்களுக்குச் சட்டப்படி உள்ள உரிமை. காலத்துக்கு முன்னால் உடைத்து எடுக்கவோ, அதன் மேல் கடன் வாங்கவோ மட்டும் முடியாது.

மாசா மாசம் இதுல எவ்வளவு ஏறுது?

பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கப்படும் வருமானத்தில் 18.5 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. அதில் 16 சதவீதம் ஏட்டுக் கணக்கில் ஏறும். மீதி 2.5 சதவீதம் வேறு கணக்குக்குப் போகும். அது உண்மையாகவே முதலீடாகும், எந்த ஃபண்ட் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இந்தப் பக்கம் முழுவதும் அந்த 16 சதவீதத்தைப் பற்றித்தான்.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைச் செவிலியர், 65 வயது ஆகப்போகிறது, ஏட்டில் அதே 30 லட்சம் இருக்கிறது, மாதச் சம்பளம் 40,000 குரோனா. ஆண்டுக்கு 4,80,000. அதில் அவரே கட்டும் 7 சதவீதக் கட்டணத்தைக் கழித்தால் 4,46,400. அதில் 16 சதவீதம் 71,424 குரோனா. இந்த ஆண்டு அவர் ஏட்டில் புதிதாக எழுதப்படுவது இவ்வளவுதான். சம்பளம் ஓர் உச்சவரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு எதுவும் ஏறாது. சின்னக் குழந்தையை வளர்க்கும் ஆண்டுகளுக்கும் படிப்புக்கும் தனியாக ஒரு தொகையை அரசு எழுதிவிடும்.

முதலீடே இல்லைன்னா வட்டி மாதிரி எப்படிக் கூடுது?

இரண்டு வழியில். முதலாவது, நாட்டின் சராசரி வருமான வளர்ச்சி. சராசரி வருமானம் ஓராண்டில் 3 சதவீதம் ஏறினால் எல்லார் கணக்கும் 3 சதவீதம் ஏறும். பங்குச் சந்தை எகிறினாலும் சரி, விழுந்தாலும் சரி, இதற்கு நேரடித் தொடர்பு கிடையாது.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. உங்கள் வயதுக்காரர் ஒருவர் பென்ஷன் வாங்கும் முன்பே இறந்துவிட்டால், அவர் ஏட்டில் இருந்த தொகை உயிரோடு இருக்கும் அதே வயதுக்காரர்களுக்குப் பிரித்து எழுதப்படும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மரபுரிமை ஆதாயம்’. இளம் வயதில் இது சொற்பம். 65-ஐ நெருங்கும்போது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு சதவீதத்தைத் தொடும்.

சரி, 30 லட்சம் எப்படி மாசப் பென்ஷனா மாறுது?

வகுத்தல்தான். நீங்கள் பென்ஷனைத் தொடங்கும் நாளில் ஏட்டிலுள்ள தொகையை ஒரு வகுஎண்ணால் வகுப்பார்கள். வருவது முதல் ஆண்டுப் பென்ஷன். அதை 12-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன்.

அந்த வகுஎண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 65 வயதான 1,000 பேரை வரிசையாக நிறுத்துங்கள். அண்மைக்கால இறப்புப் புள்ளிவிவரத்தை வைத்துப் பார்த்தால் பத்து ஆண்டு கழித்து 870 பேர் இருப்பார்கள், இருபது ஆண்டு கழித்து 540 பேர், முப்பது ஆண்டு கழித்து 110 பேர் என்று வைத்துக்கொள்வோம். (இவை விளக்கத்துக்காக நான் வட்டமாக்கிய எண்கள்.) ஒவ்வோர் ஆண்டும் உயிரோடு இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் சுமார் 20,000 வரும். 1,000 பேருக்கு 20,000 ஆண்டுகள், அதாவது ஆளுக்குச் சராசரியாக 20 ஆண்டு. எஞ்சிய ஆயுள் என்று சொல்வது இதைத்தான்.

அப்படியே 20-ஆல் வகுத்தால் 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1,50,000, மாதம் 12,500 குரோனா. சுவீடன் இத்தோடு நிற்பதில்லை. வருங்காலத்தில் வரவேண்டிய 1.6 சதவீத வளர்ச்சியை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. அதற்காக, தள்ளியிருக்கும் ஆண்டுகளின் எடையைக் குறைக்கிறார்கள். பத்தாம் ஆண்டு 870 பேர் 742 பேராக எண்ணப்படுவார்கள், இருபதாம் ஆண்டு 540 பேர் 393 பேராக, முப்பதாம் ஆண்டு 110 பேர் 68 பேராக. இப்படிக் கூட்டினால் 20,000 என்பது ஏறக்குறைய 17,000 ஆகிவிடும். வகுஎண் 17.

30 லட்சத்தை 17-ஆல் வகுங்கள்: ஆண்டுக்கு 1,76,471, மாதம் 14,706 குரோனா. செவிலியர் கைக்கு வருவது இது, வரிக்கு முன்.

முன்கூட்டியே 1.6 சதவீதம் கொடுத்தா நல்லதுதானே, இதுல என்ன பிரச்சினை?

கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பென்ஷன் தொடங்கிய பிறகு ஒவ்வோர் ஆண்டும் அது சராசரி வருமான வளர்ச்சியோடு சேர்ந்து ஏறும், ஆனால் 1.6 சதவீதம் கழித்துக்கொண்டு. வருமானம் 3 சதவீதம் வளர்ந்தால் பென்ஷன் சுமார் 1.4 சதவீதம் ஏறும். வருமானம் 1 சதவீதம்தான் வளர்ந்தது என்றால் பென்ஷன் குரோனா கணக்கிலேயே இறங்கும்.

செவிலியரின் இரண்டு பாதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 12,500-ல் தொடங்கி, வருமானம் ஏறும் வேகத்திலேயே ஏறுகிறது. மற்றது 14,706-ல் தொடங்கி, ஆண்டுக்கு 1.6 சதவீதம் பின்தங்குகிறது. கணக்குப் போட்டால் சுமார் பத்து ஆண்டில் இரண்டும் சமமாகும், அவருக்கு அப்போது 75 வயது. அதன் பிறகு 85, 90 வயதில், மற்றவர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அவர் பென்ஷன் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய வயது அதுதான். நடமாட்டமுள்ள முதல் பத்து ஆண்டில் அதிகம் கிடைக்கட்டும் என்று நினைத்தே இப்படி வைத்தார்கள், அது புரிகிறது. ஆனாலும் 65-ல் வரும் முதல் தொகையைப் பார்த்துவிட்டு ‘இதுதான் என் பென்ஷன்’ என்று திட்டம் போடாதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

17 வருஷம் தாண்டி உயிரோட இருந்தா பணம் தீர்ந்துடுமா?

தீராது. சாகும்வரை வரும், 105 வயது வரை இருந்தாலும். 17 என்பது ஒரு தலைமுறை முழுவதற்குமான சராசரி, உங்கள் ஒருவருடைய காலக்கெடு இல்லை. 68-ல் போய்ச் சேர்ந்தவர் வாங்காமல் விட்டதுதான் 98 வரை இருப்பவருக்குப் போகிறது.

நான் 68-ல செத்துட்டா என் பிள்ளைகளுக்கு எதுவும் வராதா?

ஏட்டுக் கணக்கிலிருந்து ஒரு குரோனாகூட வராது. எழுதி வைக்கவும் முடியாது. முதலீடாக இருக்கும் அந்த 2.5 சதவீதப் பகுதிக்கு மட்டும், பென்ஷன் தொடங்கும்போது துணைக்கான பாதுகாப்பைக் கேட்டு வாங்கலாம். அதற்காக உங்கள் மாதத் தொகை குறையும். பி.எஃப். நாமினி மாதிரி இங்கேயும் இருக்கும் என்று நம்பி இருந்துவிடுபவர்கள் உண்டு. வேலை பார்க்கும் காலத்திலேயே வீட்டில் பேசிவிடுங்கள்.

ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வகுஎண்ணா? பெண்கள் அதிக நாள் இருக்காங்களே?

ஒரே எண்தான். ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே வயதில் பென்ஷன் தொடங்கும் எல்லாருக்கும் அதே வகுஎண். இதனால் சராசரியில் ஆண்களிடமிருந்து பெண்களுக்குக் கொஞ்சம் நகர்கிறது. பெண்கள் சம்பளம் பொதுவாகக் குறைவாக இருப்பதால் இதை நான் நியாயமாகவே பார்க்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. முதுகொடியக் கட்டட வேலை செய்தவரும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்தவரும் ஒரே வகுஎண்ணால் வகுக்கப்படுகிறார்கள். சராசரியில் முதலாமவர் சீக்கிரம் போய்விடுகிறார், அவர் விட்டுச்சென்ற பங்கு இரண்டாமவரின் நீண்ட ஆயுளுக்குப் போகிறது. வகுஎண்ணைத் தொழில்வாரியாகப் பிரிக்கலாம் என்றால் எந்தத் தொழிலில் எத்தனை ஆண்டு, இடையில் மாறியவரை எங்கே வைப்பது என்று முடிவில்லாமல் போகும். ஒரே எண் என்பதன் எளிமைக்கு இந்த விலை கொடுக்கப்படுகிறது, கொடுப்பவர்கள் பெரும்பாலும் உடலால் உழைத்தவர்கள்.

ஒரு வருஷம் தள்ளிப் போட்டா உண்மையிலேயே எவ்வளவு கூடும்?

அதே செவிலியர் 66 வரை வேலை பார்க்கிறார் என்று வைப்போம். வருமான வளர்ச்சி 3 சதவீதம், அதனால் 30 லட்சம் 30,90,000 ஆகிறது. மரபுரிமை ஆதாயம் 0.9 சதவீதம் என்று கொண்டால் இன்னும் 27,000. அந்த ஆண்டு புதிதாகக் கட்டியது 71,424. மொத்தம் 31,88,424. வகுஎண்ணும் ஒரு வயதுக்கு இறங்கும், 17-லிருந்து 16.4 என்று எடுத்துக்கொள்கிறேன். வகுத்தால் ஆண்டுக்கு 1,94,416, மாதம் 16,201 குரோனா.

இதை 14,706-ஓடு ஒப்பிடக் கூடாது, அது தவறான கணக்கு. 65-லேயே தொடங்கியிருந்தால் அந்தப் பென்ஷனும் ஓராண்டில் ஏறி 14,909 ஆகியிருக்கும். ஆக உண்மையான லாபம் மாதம் 1,292 குரோனா, கிட்டத்தட்ட 8.7 சதவீதம். ஓராண்டுப் பென்ஷனை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக வாழ்நாள் முழுக்கக் கிடைப்பது இது.

முழுவதுமாகத் தள்ளிப்போட வேண்டும் என்றுகூட இல்லை. கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று எடுக்கலாம், வேலையையும் தொடரலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்கலாம் என்பதற்கு மட்டும் எல்லை உண்டு, அதுவும் நகர்ந்துகொண்டே போகிறது: 61 ஆக இருந்தது 2020-ல் 62, 2023-ல் 63, 2026-ல் 64.

எல்லாரும் அதிக நாள் வாழ ஆரம்பிச்சா யார் தலையில விழும்?

பென்ஷனுக்குப் போகப்போகிறவர்கள் தலையில். முன்பிருந்த முறையில் ஆயுள் கூடினால் கட்டணத்தை ஏற்றவேண்டி வரும், சுமை இளையவர்களுக்குப் போகும். ஏட்டுக் கணக்கில் கட்டணம் அசையாது, வகுஎண் அசையும்.

எஞ்சிய ஆயுள் இரண்டு ஆண்டு கூடினால் வகுஎண் 17-லிருந்து ஏறக்குறைய 18.4 ஆகும். அதே 30 லட்சத்துக்கு மாதம் 14,706-க்குப் பதில் 13,587 குரோனா. யாரும் சட்டம் கொண்டுவரவில்லை, யாரும் குறைப்பு என்று அறிவிக்கவில்லை, ஆனால் மாதம் 1,119 குரோனா குறைந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட ஒரே வழி இன்னும் கொஞ்ச காலம் வேலை பார்ப்பது. கூடும் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு வேலைக்கு, ஒரு பங்கு ஓய்வுக்கு என்ற கணக்கில்தான் இப்போது பென்ஷனுக்கான ‘வழிகாட்டு வயது’ என்ற ஒன்றை நிர்ணயிக்கிறார்கள். 2026-க்கு அது 67.

அந்த ஆயுள் கணக்கே தப்பா இருந்தா?

கொஞ்சம் தப்பாகத்தான் இருக்கும், எந்தப் பக்கம் தப்பும் என்பதும் தெரியும். வகுஎண்ணுக்கு எடுப்பது கடந்த ஐந்து ஆண்டுகளில் உண்மையில் பதிவான இறப்புகள். இன்று 90 வயதுக்காரர்கள் எந்த வேகத்தில் இறக்கிறார்களோ, அதே வேகத்தில்தான் நீங்கள் 90-ஐத் தொடும்போதும் இறப்பார்கள் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. மருத்துவம் வளர்ந்துகொண்டே இருந்தால் மக்கள் அதைவிட அதிக நாள் இருப்பார்கள். அப்போது வகுஎண் தேவையைவிடச் சிறியதாகவும், பென்ஷன் கட்டுப்படியாவதைவிடச் சற்றுப் பெரியதாகவும் அமைந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது, அதற்குத்தான் போலந்து. அங்கே 1999 முதல் இதே மாதிரி ஏட்டுக் கணக்கு. 1.6 போன்ற முன்பணம் கிடையாது, இருப்பை எஞ்சிய ஆயுளின் மாதங்களால் நேராக வகுப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் புது அட்டவணை வரும். கொரோனாவில் இறப்புகள் கூடியதும் 2022 அட்டவணையில் 60 வயதுக்கான எஞ்சிய ஆயுள் சுமார் 239 மாதமாகச் சுருங்கியது, 2024-ல் சுமார் 264 மாதமாகத் திரும்ப நீண்டது. 5 லட்சம் ஸ்லோட்டி இருப்புள்ள பெண் 2022-ல் பென்ஷன் தொடங்கியிருந்தால் மாதம் சுமார் 2,092. அதே இருப்போடு 2024-ல் தொடங்கினால் சுமார் 1,894. கொரோனாவிலிருந்து பிழைத்தவர்கள் சீக்கிரம் இறக்கப்போகிறவர்கள் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டில் தொடங்கியவர்களுக்கு அந்தக் கூடுதல் தொகை வாழ்நாள் முழுக்கப் பூட்டப்பட்டுவிட்டது. சுவீடன் ஐந்து ஆண்டுச் சராசரி எடுப்பதால் இவ்வளவு ஆட்டம் அங்கே இல்லை.

வகுஎண் சரியில்லாம பணம் பத்தலைன்னா என்ன செய்வாங்க?

அதற்கு ஒரு தானியங்கி பிரேக் வைத்திருக்கிறார்கள், பேச்சு வழக்கிலேயே அதைப் பிரேக் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பக்கம், இனி வரப்போகும் கட்டணங்களின் மதிப்பும் இருப்பு நிதிகளும். மறுபக்கம், எல்லார் ஏட்டிலும் எழுதிய தொகையும் ஓடிக்கொண்டிருக்கும் பென்ஷன்களும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண் 1-க்குக் கீழே போனால், ஏட்டுக் கணக்குகளும் பென்ஷன்களும் வருமான வளர்ச்சியைவிட மெதுவாக ஏறும், தேவைப்பட்டால் இறங்கும்.

2008 நிதி நெருக்கடியில் இருப்பு நிதிகளின் பங்குகள் விழுந்தன, அந்த எண் 1-க்குக் கீழே போனது. விளைவு 2010-ல் தெரிந்தது: பென்ஷன் 3 சதவீதம் குறைந்தது. 2011-ல் இன்னொரு 4.3 சதவீதம், 2014-ல் 2.7 சதவீதம். இழந்ததை மீட்டு, பிரேக்கிலிருந்து முழுவதுமாக வெளிவர 2018 ஆயிற்று. 2010-ல் 85 வயதில் இருந்தவர் பலர் அந்த மீட்சியைப் பார்க்கவே இல்லை. கணக்கில் எல்லாம் சமமாக முடிந்தது என்று சொல்பவர்களிடம் இதைத்தான் திருப்பிச் சொல்வேன்.

நான் அங்க பன்னிரண்டு வருஷம்தான் வேலை பார்த்தேன். ஊருக்குத் திரும்பிட்டா?

பன்னிரண்டு ஆண்டில் ஏட்டில் எழுதியது அப்படியே இருக்கும், நீங்கள் திருச்சியில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் ஆண்டுதோறும் ஏறும். வயது வந்ததும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. தொடங்கிய பிறகு உயிரோடு இருக்கிறீர்கள் என்ற சான்றை அவ்வப்போது அனுப்பச் சொல்வார்கள், அதைத் தவறவிட்டால் பணம் நின்றுவிடும். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் உத்தரவாதப் பென்ஷன் தனி. அது கட்டிய தொகையைப் பொறுத்ததல்ல, அந்நாட்டில் வசித்த ஆண்டுகளைப் பொறுத்தது. முழுத் தொகைக்கு 40 ஆண்டு வேண்டும். ஏட்டுக் கணக்கை ஊருக்குக் கொண்டுவருவது போல அதையும் கொண்டுவரலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

உறையைத் திறந்தா முதல்ல எதைப் பார்க்கணும்?

பெரிய எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகையைக் கடைசியில் பாருங்கள். முதலில், போன ஆண்டு எழுதப்பட்ட புதுத் தொகை உங்கள் சம்பளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 40,000 சம்பளத்துக்கு 71,424 வரவேண்டிய இடத்தில் 60,000 இருந்தால் ஏதோ இரண்டு மாதச் சம்பளம் கணக்கில் ஏறவில்லை. உடனே கேளுங்கள், பத்து ஆண்டு கழித்து அந்தச் சம்பளச் சீட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம், வெவ்வேறு வயதுகளில் தொடங்கினால் கிடைக்கும் மாதத் தொகைகளை வரிசையாக ஒப்பிடுங்கள். 50 வயதுக்காரருக்கு அங்கே காட்டியிருப்பது இன்றைய மதிப்பீட்டு வகுஎண்ணை வைத்துப் போட்டது. உங்கள் தலைமுறைக்கான உண்மையான எண் உங்கள் அறுபதுகளில்தான் முடிவாகும், அது இன்றைய எண்ணைவிடப் பெரியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.